குரூப் 4 சிறு குழுப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு நான் நடத்தும் சிறு குழுப் பயிற்சியைப் பற்றி, சேருவதற்கு முன்பு பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பயிற்சியால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது, கட்டணம் எங்கே செலவாகிறது ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்வதே நல்லது.

குரூப் 1, குரூப் 2, ரயில்வே, வங்கித் தேர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயிற்சி தருவீர்களா?

இல்லை, குரூப் 4 தேர்வுக்கு மட்டுமே தருகிறேன். நான் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்தவன். பின்னர் குரூப் 2 தேர்விலும் தேர்ச்சி பெற்று வேறு துறைக்கு மாறி, விருப்ப ஓய்வு பெற்றபின் இந்தப் பயிற்சியைத் தொடங்கினேன். குரூப் 2 முதல்நிலைத் தேர்வின் பாடங்களில் பெரும்பகுதி குரூப் 4 பாடங்களோடு ஒத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் குரூப் 2 முதன்மைத் தேர்வில் விரிந்துரைக்கும் விடைகள் எழுத வேண்டும். அந்த விடைகளைத் திருத்திக் குறை சொல்லிக் கொடுப்பதற்கு ஆகும் நேரமே வேறு. வங்கி, ரயில்வே தேர்வுகளில் கணக்குக்கும் வேகத்துக்கும் இருக்கும் இடம் குரூப் 4 தேர்வில் இல்லை. அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் உண்டு என்பதால், எதைத் தொடுவது எதை விடுவது என்ற கணக்கே மாறிவிடும். எல்லாத் தேர்வுக்கும் ஒரே வகுப்பு என்று சொன்னால், எந்தத் தேர்வுக்கும் முழுமையாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஏன் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை? கூட ஒருவர் வந்தால் என்ன குறைந்துவிடும்?

இந்தப் பயிற்சியில் பாடம் நடத்துவது பாதி வேலைதான். ஒவ்வொருவரும் எழுதிய தேர்வின் விடைத்தாளை அவரோடு உட்கார்ந்து பார்ப்பது மீதிப் பாதி. அதற்கு ஒருவருக்கு 20 நிமிடம் தேவைப்படுகிறது. 12 பேருக்கு 4 மணி நேரம். எனக்கு இரண்டு குழுக்கள் இருப்பதால், வாரத்தில் 8 மணி நேரம் விடைத்தாள் பார்ப்பதற்கே போகிறது. ஒரு குழுவில் 30 பேரைச் சேர்த்தால் அந்தக் குழுவுக்கு மட்டும் 10 மணி நேரம் வேண்டும். அப்போது நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், 20 நிமிடம் 8 நிமிடமாகச் சுருங்கும். அதன்பின் மதிப்பெண்ணை மட்டும் வாசித்துவிட்டு அடுத்தவரை அழைக்க வேண்டியதாகும். பாடத்தை 12 பேருக்கு நடத்தினாலும் 60 பேருக்கு நடத்தினாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான், பாடம் மட்டும் கேட்க விரும்புபவர்களுக்குச் சிறு குழு தேவையில்லை; அவர்கள் கூடுதலாகக் கட்டணம் கொடுப்பதும் வீண்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

வார நாள்களில் இரண்டு மாலைகள் பாட வகுப்பு, தலா இரண்டு மணி நேரம். வாரத்தில் ஒரு வகுப்பு கணக்கும் திறனறிவும். அதை நான் எடுப்பதில்லை, கணித ஆசிரியர் ஒருவர் வந்து எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணி முதல் 12.30 மணி வரை முழுத் தேர்வு. உண்மையான தேர்வும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்வதற்கு உடலும் பழக வேண்டும். தேர்வை ஓஎம்ஆர் தாளில் கருப்பு மை பந்துமுனைப் பேனாவால்தான் எழுத வேண்டும். கைபேசியில் விடையைத் தொட்டுப் பழகியவர்களுக்கு, 200 வட்டங்களை நிரப்புவதற்கு மட்டுமே எவ்வளவு நேரம் போகிறது என்பது முதல் ஞாயிறுதான் தெரியவரும்.

திங்கள் மாலைக்குள் ஒவ்வொருவரும் தம் பிழைத்தாளை நிரப்பித் தர வேண்டும். தவறாகிப்போன ஒவ்வொரு கேள்வியின் எண்ணையும், அது ஏன் தவறியது என்பதையும் அதில் எழுதுவார்கள். காரணங்கள் ஐந்துதான்: அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை, படித்தது மறந்துவிட்டது, இரண்டு விடைகளுக்கு இடையில் தடுமாறினேன், கேள்வியைத் தவறாக வாசித்தேன், விடை தெரிந்தும் தாளில் தவறாக நிரப்பினேன். பிழைத்தாளை நான் பார்த்த பிறகுதான் அந்த 20 நிமிடச் சந்திப்பு நடக்கும். பிழைத்தாள் தராதவருக்கு அந்த வாரச் சந்திப்பு இல்லை. இதைக் கடுமையாகவே கடைப்பிடிக்கிறேன்; ஏனென்றால் தவறைத் தானே வகைப்படுத்தாதவரிடம் நான் 20 நிமிடம் பேசினாலும் அது அறிவுரையாகத்தான் முடியும்.

விடைத்தாளைச் சேர்ந்து பார்ப்பதால் உண்மையிலேயே மதிப்பெண் கூடுமா? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

முதலில் தேர்வின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1.5 மதிப்பெண் வீதம் 300 மதிப்பெண், நேரம் 3 மணி. முதல் பகுதி தமிழ், 100 கேள்விகள், 150 மதிப்பெண். இதில் குறைந்தது 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுத்தால்தான் இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள். இரண்டாம் பகுதியில் பொது அறிவு 75 கேள்விகள், திறனறிவு 25 கேள்விகள்.

வேலைக்குச் சென்றுகொண்டே படித்த ஒரு மாணவியின் தாள்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் முழுத் தேர்வில் 131 கேள்விகள் சரி, மதிப்பெண் 196.5. தவறிய 69 கேள்விகளைப் பிரித்தபோது, படிக்காத பகுதியிலிருந்து வந்தவை 22, மறந்தவை 19, இரண்டு விடைகளுக்கு இடையில் தடுமாறியவை 17, தவறாக வாசித்தவை 8, தவறாக நிரப்பியவை 3. பாடப்புத்தகத்தை இன்னொரு முறை முழுவதும் படிக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் கடைசி இரு வகையிலும் சேர்ந்து 11 கேள்விகள், 16.5 மதிப்பெண், புதிதாக ஒரு பக்கமும் படிக்காமல் மீட்கக்கூடியவை. அங்கிருந்துதான் தொடங்கினோம்.

தவறாக வாசித்த 8 கேள்விகளில் 6 கேள்விகள் ‘தவறானது எது’, ‘பொருந்தாததைத் தேர்க’ என்ற வகை. நான்கு கூற்றுகளில் முதலாவது சரியாக இருந்ததுமே அதையே விடையாக நிரப்பியிருந்தார். அந்த ஆறும் 150-ஆவது கேள்விக்குப் பிறகு வந்தவை என்பதைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. 180 நிமிடத்தில் 200 கேள்விகள் என்றால் ஒரு கேள்விக்கு 54 வினாடி. அவர் தமிழ்ப் பகுதியில் தெரிந்த விடைகளையும் இருமுறை சரிபார்த்து நேரத்தை இழந்து, கடைசி 50 கேள்விகளுக்கு அவசரப்பட்டிருந்தார். எனவே தமிழை 75 நிமிடத்தில் முடிப்பது, திறனறிவின் 25 கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளாமல் தமிழுக்கு அடுத்ததாகவே போடுவது, எதிர்மறையாகக் கேட்கும் சொல்லைக் கேள்வித்தாளில் வட்டமிட்டுவிட்டு விடைகளை வாசிப்பது என்று மூன்று மாற்றங்கள் செய்தோம். நிரப்புவதில் ஏற்பட்ட 3 பிழைகளும், ஒரு கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று தாண்டியபோது வரிசை மாறியதால் வந்தவை. தாண்டும் கேள்வியின் எண்ணைக் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கும் பழக்கம் வந்ததும் அவை நின்றுவிட்டன.

தடுமாறிய 17 கேள்விகள்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுபவை. அவை அறியாமையால் வந்தவை அல்ல. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு செய்திகளைத் தனித்தனியாகப் படித்து, ஒருமுறைகூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்காததால் வந்தவை. அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தது 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம்; சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம். இரண்டும் அவருக்குத் தெரியும்; தேர்வறையில் எண்கள் இடம் மாறின. அதேபோல் மலர்விழி உவமைத்தொகை, விழிமலர் உருவகம். தனித்தனியே கேட்டால் சொல்லிவிடுவார், நான்கு விடைகளுக்குள் இரண்டும் வந்தால் திணறுவார். இப்படித் தடுமாறும் இணைகளை மட்டும் எழுதும் ஒரு சிறு நோட்டு வைக்கச் சொன்னேன். ஒரு பக்கத்தில் ஓர் இணை, வேறுபடும் இடம் ஒரே வரியில். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான குறிப்பு ஒன்றைக் கொடுத்துவிட முடியாதா என்று கேட்பார்கள். முடியாது, ஒருவர் தடுமாறும் இணையில் இன்னொருவர் தடுமாறுவதில்லை.

பத்தாவது முழுத் தேர்வில் அவருக்கு 152 கேள்விகள் சரி, மதிப்பெண் 228. தவறாக வாசித்தவை 8-லிருந்து 3 ஆயின. நிரப்பும் பிழை ஒன்றுமில்லை. படிக்காதவை 22-லிருந்து 15. தடுமாறியவை 17-லிருந்து 14. மறந்தவை 19-லிருந்து 16. ஆக 31.5 மதிப்பெண் கூடியது. இதில் எங்கள் பயிற்சியின் எல்லையும் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். வாசிப்பிலும் நிரப்புவதிலும் இருந்த பிழைகள் விரைவில் குறைந்தன. மறதி ஏறத்தாழ அப்படியே நின்றது. ஏனென்றால் மறதியைக் குறைக்கத் திரும்பத் திரும்பப் படிக்கும் நேரம் வேண்டும், வேலைக்குச் செல்லும் அவருக்கு அந்த நேரம் இல்லை, அதை நான் வகுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

விடை தெரியாத கேள்விகளை விட்டுவிடலாமா, ஊகித்து நிரப்பலாமா?

விடக் கூடாது. குரூப் 4 தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆனால் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறைக்கிறார்கள். விடை தெரியவில்லை என்று சொல்வதற்கு E என்ற ஐந்தாவது வட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் கிடைப்பது சுழி. A முதல் D வரை ஏதேனும் ஒன்றை நிரப்பினால் சரியாக அமையும் வாய்ப்பாவது உண்டு. ஆகவே நேரம் முற்றிலும் தீர்ந்துவிட்ட நிலையிலும் E-ஐ விட ஊகமே மேல். பயிற்சித் தேர்வுகளில் மட்டும் ஊகித்த கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறேன். ஊகத்தால் சரியான விடைகளைக் கழித்துப் பார்த்தால்தான் உங்களுடைய உண்மையான நிலை தெரியும்.

கட்டணம் எவ்வளவு? பெரிய மையங்களில் மொத்தமாகக் கட்டினால் இதைவிடக் குறைவாக வருகிறதே?

மாதம் ₹1,500, ஆறு மாதப் பயிற்சிக்கு மொத்தம் ₹9,000. சேர்க்கைக் கட்டணம், புத்தகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று தனியாக எதுவும் இல்லை. மாதத் தொடக்கத்தில் அந்த மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். ஆறு மாதத்துக்கும் சேர்த்துக் கட்ட வந்தாலும் நான் வாங்குவதில்லை.

12 பேரும் கட்டணம் கட்டினால் ஒரு குழுவுக்கு மாதம் வருவது ₹18,000. அதில் அறை வாடகையின் பங்கு ₹4,000, கணித ஆசிரியருக்கு நான்கு வகுப்புகளுக்கு ₹3,000, கேள்வித்தாள் நகலும் ஓஎம்ஆர் தாளும் சேர்த்து ஏறத்தாழ ₹1,300, மின்சாரமும் பிறவும் ₹700. மீதி ₹9,000 என் உழைப்புக்கான ஊதியம். பாடம், விடைத்தாள் சந்திப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு, கேள்வித்தாள் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். குழுவில் 8 பேர் மட்டுமே சேர்ந்தால் வருவது ₹12,000. செலவு பெரிதாகக் குறையாது. எனவே 8 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் குழுவை நான் தொடங்குவதில்லை. முன்பணம் கட்டியவர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பெரிய மையங்களில் குறைவாக வருவதற்குக் காரணம், ஒரே ஆசிரியரின் ஒரே வகுப்பை நூறு பேர் பகிர்ந்துகொள்வதுதான். அது தவறான முறை என்று நான் சொல்ல மாட்டேன். தானாகப் பிழையைப் பிரித்துப் பார்க்கும் ஒழுங்குள்ளவருக்கு, அங்கே சேர்வதோ டெஸ்ட் பேட்ச் மட்டும் சேர்வதோ பணத்துக்கு ஏற்ற முடிவாக இருக்கும்.

தனியாக மெட்டீரியல் தருவீர்களா?

இல்லை. 6-ஆம் வகுப்பு முதல் 10-ஆம் வகுப்பு வரையான பள்ளிப் பாடநூல்களே அடிப்படை. அவற்றைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தளத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கடந்த தேர்வுகளின் கேள்வித்தாள்களும் விடைக்குறிப்புகளும் tnpsc.gov.in தளத்தில் கிடைக்கின்றன. பாடநூலை வாசிக்காமல் சுருக்கக் குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் அதிகமாகச் சறுக்குவதைப் பிழைத்தாள்களில் தொடர்ந்து பார்க்கிறேன். குறிப்பில் காரணம் இருப்பதில்லை, முடிவு மட்டுமே இருக்கிறது.

நடுவில் நின்றுவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

மாதத்தில் மீதமுள்ள நாள்களுக்கான தொகையைப் பத்து நாள்களுக்குள் திருப்பித் தருகிறேன், காரணம் கேட்பதில்லை. ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டுதல்களிலும், முழுக் கட்டணம் கட்டியவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற நெறி இருக்கிறது. அந்த வழிகாட்டுதல்கள் 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களைக் கருத்தில் கொண்டவை. என் குழுக்கள் அந்த அளவுக்குள் வருவதில்லை. ஆனாலும் நெறி நியாயமானது என்பதால் பின்பற்றுகிறேன். நீங்கள் வேறு எங்கு சேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்பு இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி சேர்த்துக் கட்ட வேண்டுமா? ரசீது உண்டா?

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. தனியார் பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. ஆனால் சேவை வழங்குபவரின் ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இரண்டு குழுக்களும் ஆண்டு முழுவதும் நிறைந்து எல்லோரும் கட்டணம் கட்டினாலும் என் வரவு ₹4,32,000 மட்டுமே. ஆகவே வரி எதுவும் கேட்பதில்லை.

கட்டணம் கட்ட இயலாத நிலையில் இருப்பவர் என்ன செய்வது?

முதலில் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குச் செல்லுங்கள். அங்கே தன்னார்வ பயிலும் வட்டத்தின் வழியாகப் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகவே வகுப்புகள் நடத்துகிறார்கள். மாதிரித் தேர்வும் வைக்கிறார்கள். கூட்டம் அதிகம் என்பதைத் தவிர அதில் குறை சொல்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. அங்கே படிப்பவர்கள், மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்து ஒருவர் பிழைத்தாளை மற்றவர் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், என் குழுவில் நடப்பதில் பெரும்பகுதி உங்களுக்குச் செலவில்லாமலே கிடைத்துவிடும். ஒருவரது தவறை அவரே பார்ப்பதைவிட இன்னொருவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

ஒவ்வொரு குழுவிலும் ஓர் இடத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்கு வருமானச் சான்று கேட்பதில்லை. நேரில் பேசினால் போதும். இரண்டு இடமாகக் கூட்ட வேண்டும் என்ற விருப்பம் எனக்கு உண்டு, ஆனால் மேலே சொன்ன வரவு செலவில் அது நிற்காது.

உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள்? தேர்ச்சிக்கு உத்தரவாதம் உண்டா?

உத்தரவாதம் கிடையாது, அதை யாராலும் தர முடியாது. 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கான அறிவிப்பில் இருந்த பணியிடங்கள் 3,935. தேர்வை எழுதியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வின் அறிவிப்பில் பணியிடங்கள் 6,244. ஒரே அளவு உழைப்புள்ள இருவர் இந்த இரண்டு ஆண்டுகளில் எழுதியிருந்தால், ஒருவருக்குக் கிடைத்தும் மற்றவருக்குக் கிடைக்காமலும் போயிருக்கலாம். கட் ஆஃப் என்பது இடங்கள், இனவாரி ஒதுக்கீடு, பதவி, கேள்வித்தாளின் கடினம் எல்லாம் சேர்ந்து அமைவது. பயிற்சி தருபவரின் கையில் இருப்பது மாணவரின் பிழைகளில் ஒரு பகுதி மட்டுமே.

தேர்வானவர்களின் படத்தையும் பெயரையும் நான் சுவரில் ஒட்டுவதில்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, தேர்ச்சி பெற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை அவர் தேர்ச்சி பெற்ற பிறகு வாங்கியிருக்க வேண்டும். அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மாணவர் ஓரிடத்தில் பாடமும் இன்னோரிடத்தில் மாதிரித் தேர்வும் எழுதியிருப்பார். இரண்டு இடத்திலும் அவர் படம் தொங்கும். எனவே படங்களைப் பார்த்து எந்த மையத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள், என் வகுப்பையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்குப் பதிலாக, இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் முதல் தேர்வுத் தாளையும் அண்மைத் தேர்வுத் தாளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். மாணவர் சம்மதித்தால் நான் காட்டுகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குரூப் 4 தேர்வுக்கு நேர்முகத் தேர்வு இல்லை. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும்தான். ஆகவே பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய மனிதரைத் தெரியும் என்று சொன்னாலும், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்வு எழுதிய காலம் வேறு, இப்போது பாடத்திட்டம் மாறிவிட்டதே?

மாறிவிட்டது. முன்பு பொதுத் தமிழ் அல்லது பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2022-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து தமிழ் எல்லோருக்கும் கட்டாயமானது. 2025 தேர்வுக்கு முன்பு பாடத்திட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. தமிழ்ப் பகுதியில் நூல், ஆசிரியர் பெயர் மனப்பாடத்தின் எடை குறைந்து இலக்கணம், சொல், வாசித்துப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றின் எடை கூடியிருக்கிறது. நான் எழுதிய தேர்வை நினைவில் வைத்துப் பாடம் நடத்தினால் மாணவர்களுக்குக் கேடுதான். அதனால் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் அந்தக் கேள்வித்தாளை எழுதிப் பார்த்து, எந்தக் கேள்வி எந்தப் பாடநூலின் எந்த இயலிலிருந்து வந்தது என்று குறித்த பிறகே அடுத்த குழுவின் திட்டத்தைப் போடுகிறேன்.

ஒருவர் தேர்ச்சி பெற்றவர் என்பதால் அவருக்கு எல்லாப் பாடமும் கற்பிக்கத் தெரியும் என்று ஆகிவிடாது. தேர்ச்சி பெற்ற அனுபவம் உதவுவது நேரப் பங்கீட்டிலும், தேர்வறைப் பதற்றத்திலும், தமிழ்வழியில் படித்ததற்கான சான்று போன்றவற்றை எப்போது வாங்கிவைக்க வேண்டும் என்பதிலும், எந்தப் பதவியில் வேலை எப்படி இருக்கும் என்று சொல்வதிலும்தான். கணக்கைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் திறமை அதிலிருந்து வருவதில்லை. அதற்காகத்தான் தனி ஆசிரியர்.

இப்போது அரசுப் பணியில் இருக்கும் என் அண்ணன் இப்படி வகுப்பு எடுக்கலாமா?

முன் அனுமதி பெறாமல் கட்டணம் வாங்கி எடுக்கக் கூடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, அரசின் முன் அனுமதியின்றி வணிகத்திலோ வேறு வேலையிலோ ஈடுபடுவதைத் தடுக்கின்றன. வேறொருவர் பெயரில் மையத்தை வைத்துத் தான் வகுப்பு எடுப்பதும் அந்தத் தடையைத் தாண்டும் வழியாகாது. நான் பணியில் இருந்தவரை கட்டணப் பயிற்சி எதுவும் நடத்தவில்லை. மாணவர்களின் பார்வையிலும் இதைச் சொல்ல வேண்டும்: அனுமதியில்லாமல் நடக்கும் வகுப்பு ஒரு புகாரில் நின்றுபோகலாம், அப்போது கட்டிய பணத்துக்கு ரசீதுகூட இருக்காது.

வேலைக்குப் போகிறேன், நாளுக்கு ஒரு மணி நேரம்தான் படிக்க முடியும். சேரலாமா?

இப்போது வேண்டாம். வகுப்பும் ஞாயிறு தேர்வும் சந்திப்பும் தவிர, நாளுக்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் சொந்தமாகப் படிக்க முடிந்தால்தான் ஆறு மாதத்தில் பாடநூல்களை ஒருமுறை முடித்து, ஒருமுறை திரும்பவும் பார்க்க முடியும். ஒரு மணி நேரம் மட்டும் இருப்பவர், முதலில் அதைத் தமிழுக்கு மட்டும் ஒதுக்கி மூன்று மாதம் படியுங்கள். பாதித் தேர்வு அதில் இருக்கிறது. அதில் 60 மதிப்பெண் வராவிட்டால் மற்றவை எண்ணப்படுவதே இல்லை. அதன்பின் நேரம் கூடினால் வாருங்கள்.

தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சான்றிதழ் பெறும் நிலையில் இருப்பவர்களுக்கு இன்னோர் ஆலோசனையும் உண்டு. தட்டச்சர் பணியிடங்களுக்கு அந்தத் தகுதி உள்ளவர்கள் மட்டுமே போட்டியிட முடியும் என்பதால் போட்டியிடுவோர் குறைவு. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்கு மட்டுமே போதும் என்றால், என் வகுப்பை விடத் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்வதே உங்களுக்குப் பயன் தரலாம். தேர்வுக்கு நாமே படித்துவிடலாம். தட்டச்சைச் சான்றிதழ் இல்லாமல் காட்ட முடியாது.

ஆன்லைனில் சேர முடியுமா?

பாட வகுப்பு மட்டும் என்றால் இணையத்தில் ஏற்கெனவே நல்ல இலவசக் காணொளிகள் நிறைய உள்ளன. ஞாயிறு தேர்வைத் தாளில் நேரில் எழுதுவதும், அந்தத் தாளை முன்னால் வைத்துப் பேசுவதும் இல்லாமல் இந்தப் பயிற்சி இல்லை என்பதால், ஆன்லைன் குழு நடத்துவதில்லை.

சேருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

அண்மையில் நடந்த குரூப் 4 கேள்வித்தாளை அச்செடுத்து, மூன்று மணி நேரம் வைத்து, புத்தகம் பார்க்காமல் எழுதி, தேர்வாணையத்தின் விடைக்குறிப்போடு சரிபார்த்துக் கொண்டுவாருங்கள். மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சேர்க்கைக்கு அது தடையில்லை. தவறிய கேள்விகளை மேலே சொன்ன ஐந்து வகையாக நீங்களே பிரித்திருந்தால் போதும். அந்தத் தாளை வைத்து அரை மணி நேரம் பேசுவோம். அதற்குக் கட்டணம் இல்லை. பிழைகளில் பெரும்பகுதி படிக்காத பகுதியிலிருந்து வந்திருந்தால், முதலில் பாடநூல்களை முடித்துவிட்டு அடுத்த குழுவுக்கு வாருங்கள் என்றுதான் சொல்வேன். மறதி, தடுமாற்றம், வாசிப்பு ஆகியவற்றில் பிழைகள் பரவியிருந்தால், இடம் இருக்கும் குழுவில் அந்த வாரமே சேரலாம்.